ஆப்பச் சோடாவும் பேக்கிங் பவுடரும்

கடையில் பேக்கிங் பவுடர் கிடைக்கவில்லை என்று அண்ணி அதே அளவு ஆப்பச் சோடாவைப் போட்டு வெனிலா கேக் செய்தார். 2 கப் மைதா, 1 கப் பால், 2 டீஸ்பூன் சோடா. கேக் நன்றாக உப்பி, நடுவில் அமுங்கிவிட்டது. நிறம் பழுப்பு மஞ்சள். வாயில் வைத்தால் சோப்புக் கசப்பு.

சோடா வெறும் காரம். புளிப்போடு சேர்ந்தால்தான் முழுதாக வேலை செய்யும். பாலில் அந்த அளவுக்குப் புளிப்பு இல்லை. மிச்சமாகும் சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைச் சோடாவாக மாறிவிடும். கசப்பு அதிலிருந்துதான். பேக்கிங் பவுடரில் சோடாவுக்குத் தேவையான அமிலமும் கூடவே இருக்கிறது. அதனால் சோடாவின் வீரியம் அதைவிட மூன்று, நான்கு மடங்கு அதிகம்.

மறுநாள் நான் சோடாவை ½ டீஸ்பூனாகக் குறைத்தேன். பாலை எடுத்துவிட்டு, கொஞ்சம் புளித்த தயிரைக் கடைந்து 1 கப் ஊற்றினேன். தயிர் பட்டதுமே நுரைக்கத் தொடங்கும் என்பதால் ஓவனை முன்பே 180 டிகிரிக்குச் சூடாக்கி, மாவைக் கலந்ததும் உள்ளே வைத்துவிட்டேன். கேக் வெளிர் நிறத்தில், மெத்தென்று வந்தது. கசப்பு துளியும் இல்லை.

தலைகீழாக மாற்றினாலும் சிக்கல்தான். தயிர் கேக்கில் சோடாவுக்குப் பதில் பவுடர் போட்டால் தயிரின் புளிப்பு அப்படியே நிற்கும், மேல்பகுதியும் சரியாகச் சிவக்காது. (சிலருக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும், அது வேறு கதை.) அப்போது தயிரை எடுத்துவிட்டுப் பால் ஊற்றுங்கள்.