பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மூட்டைப் பருப்பு: மொத்தமாக வாங்கிப் பிரிக்கும்போது கணக்குப் போடும் முறை

தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ராமநாதபுரம் டவுன் மொத்தக்கடையில் மளிகை எடுத்துப் பிரித்துக்கொள்வது மண்டபம், கீழக்கரைப் பக்கம் நடக்கக்கூடிய காரியம்தான். எடுத்துத் தருகிறவருக்கும் கிலோவுக்குச் சில ரூபாய் நிற்கும். அந்தச் சில ரூபாய் எங்கே நிற்கும், எங்கே கரையும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில், எந்தச் சரக்கு?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அரிசியிலும் சீனியிலும்தான் கை வைப்பார்கள். இரண்டும் வேண்டாம். அரிசி ரேஷனில் வருகிறது. வீட்டுக்கு வீடு ரகமும் வேறு. சீனி கட்டுப்படியாகாததற்குக் காரணம் வண்டிச்சத்தம். டவுனிலிருந்து மண்டபத்துக்கு நூறு கிலோ கொண்டுவர, ஏற்று இறக்குக் கூலியோடு 400 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். கிலோவுக்கு 4 ரூபாய். மொத்தவிலை 43 என்றால் சீனி வீட்டுக்கு வரும்போதே 47. பக்கத்துக் கடையில் 46-க்குக் கிடைத்தால் யார் வாங்குவார்கள்? அதே 4 ரூபாய் 120 ரூபாய்ப் பருப்பின் மேல் ஏறினால் உறைக்காது. எடைக்கு விலை கூடின சரக்காகப் பாருங்கள்: துவரம்பருப்பு, உளுந்து, மிளகாய், சீரகம்.

எண்ணெயை டின்னில் வாங்கி அளந்து ஊற்றாதீர்கள். பாக்கெட் இல்லாமல் எண்ணெயை அளந்து விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதியில் தடை இருக்கிறது. பாக்கெட் பெட்டியாக எடுக்கலாம். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். ஒரே அளவு போலத் தெரியும் பாக்கெட்டில் எடை குறைந்திருக்கலாம். அச்சடித்த அளவைப் படித்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள்.

அடுத்து, விலை போடுவது

இங்கே சொல்லும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

30 கிலோ துவரம்பருப்பு மூட்டை, கிலோ 120 வீதம் 3,600 ரூபாய். வண்டிச்சத்தம் 120. கவர், நூலுக்கு 30. ஆக 3,750. இதை முப்பதால் வகுக்கக் கூடாது. இரண்டு இரண்டு கிலோவாக நிறுக்கும்போது தராசில் கொஞ்சம் கூடவே விழும், தரையில் சிந்தும், தூசி போகும். அரை கிலோ சேதாரம் என்று வைத்து 29.5-ஆல் வகுத்தால் அடக்கவிலை 127 ரூபாய். உங்களுக்கு 5 ரூபாய் வைத்து 132. கடையில் 145 என்றால் வாங்குகிறவருக்கு 13 ரூபாய் மிச்சம். உங்கள் 5 ரூபாயை மறைக்க வேண்டாம். பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே கூலியையும் உங்கள் பங்கையும் எழுதிவிடுங்கள். தெரிந்த பிறகு ஒருவரும் கேட்கப் போவதில்லை.

முழு மூட்டையும் போனால் உங்களுக்கு நிற்பது சுமார் 144 ரூபாய். இப்போது ஐந்து கிலோ மீந்துவிட்டது என்று வையுங்கள். அதில் முடங்கும் பணம் 635. நாலு மூட்டையின் லாபம் அந்தப் பையில் உட்கார்ந்திருக்கிறது, கடற்காற்றில் ஈரம் ஏறி வண்டும் விழும். அதனால் பெயர் கொடுத்தவர்கள் கேட்ட அளவு 29 கிலோவை எட்டாமல் மூட்டையைத் தொடாதீர்கள். 24-ல் நின்றால், 29 ஆகும்வரை தள்ளிப் போடுங்கள்.

பணம்

முன்பணம் இல்லாமல் பெயர் எழுதக் கூடாது. முந்தின நாள் கடைக்குப் போன் போட்டு விலை கேட்டு, இரண்டு ரூபாய் கூட்டியே வசூலித்து, மிஞ்சியதைத் திருப்பிக் கொடுப்பது நல்லது. மீன்பிடிப் படகு கரைக்கு வந்து பங்கு பிரித்த மறுநாள் கேட்டால் காசு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுக் குடும்பங்களில் கை வறண்டிருக்கும். அப்போது அரைக் கிலோ கேட்டாலும் நிறுத்துக் கொடுங்கள், கடன் மட்டும் வேண்டாம். ஒரு வீட்டின் 2 கிலோ பாக்கி, 264 ரூபாய், கிட்டத்தட்ட இரண்டு மூட்டை லாபத்துக்குச் சமம்.

கடையில் நிற்கும்போது

மூட்டையை உங்கள் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள். சணல் சாக்கு மட்டுமே அரைக் கிலோ இருக்கலாம். எடை சாக்கோடா, சாக்கு நீங்கலாகவா என்று கேட்டுவிடுங்கள். ஒரு கைப்பிடி பருப்பை முறத்தில் புடைத்தால் நொய்யும் வண்டும் தெரியும். மாதாமாதம் விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும், முத்திரை போட்ட தராசும் வேண்டும்.

மிளகாய்க்குத் தனிக் கணக்கு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாசி, பங்குனியில் புதுச்சரக்கு வரும்போதே பல வீடுகளில் வருஷத்துக்கு வாங்கிப் பொடி திரிப்பார்கள். தடைக்காலத்துக்கு முன்பே வசூலும் முடிந்துவிடும். ஆனால் புதுமிளகாயில் ஈரம் இருக்கும். காதருகே குலுக்கிப் பாருங்கள், விதை சலசலக்க வேண்டும். சத்தம் வராவிட்டால் மூட்டை காயக் காய எடை இறங்கும். ஒரு கிலோவை மட்டும் வாங்கி இரண்டு நாள் மொட்டை மாடியில் காயப்போட்டு, மறுபடி நிறுத்துப் பார்த்து, குறைந்த எடையையும் சேதாரத்தில் சேர்த்த பிறகு விலை சொல்லுங்கள்.