போன் இல்லாமல் வாட்ச் பூட்டைத் திறந்தது

ஏற்காட்டில் மச்சானின் ஆப்பிள் வாட்ச் பாஸ்கோடு கேட்டு நின்றது. எண் அவருக்கு மறந்தேபோச்சு. போனோ சேலம் ஐந்து ரோட்டில் ரிப்பேர் கடையில். எண்ணை மீட்க வழியே கிடையாது. வாட்ச்சை அழித்துப் புதிதாக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் சார்ஜரில் வைத்தேன். வேலை முடியும்வரை எடுக்கக்கூடாது. பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்ததும் திரையில் பவர் குறி வந்தது. அங்கேதான் பலரும் அதைத் தொட்டு வாட்ச்சை அணைத்துவிடுவார்கள். நான் அதைத் தொடாமல், சுற்றும் திருகை (டிஜிட்டல் கிரவுன்) அழுத்திப் பிடித்தேன். Erase all content and settings என்று வந்தது. Reset, மறுபடி Reset.

"அப்போ திருடனும் இப்படியே பண்ணலாமே மாப்ளே?" என்றார். அழிக்கலாம், ஆனால் தொலைந்த வாட்ச்சைத் தேட உதவும் Find My வசதியைப் போட்டிருந்தால் பழைய ஆப்பிள் கணக்கும் கடவுச்சொல்லும் இல்லாமல் மறுபடி பயன்படுத்த முடியாது. மச்சானுக்கு அது நினைவிருந்தது, நல்லவேளை.

மறுநாள் போன் வந்ததும் வாட்ச்சை இணைத்து, பழைய பேக்கப்பைத் தேர்ந்தெடுத்தோம். இப்படி அழிக்கும்போது புது பேக்கப் எடுக்காது. அதனால் போன் கடைக்குப் போனபிறகு நடந்த நடைக்கணக்கு மட்டும் போச்சு.