நன்றாகப் போன கரோசலை ரீலாகவும் ஒற்றைப் படமாகவும் மாற்றும்போது எங்கே சறுக்குகிறது?

இன்ஸ்டாகிராமில் ஒரு கரோசல் நன்றாகப் போனதும் பெரும்பாலானவர்களுக்கு அடுத்து வரும் யோசனை, இதையே ஒரு ரீலாகப் போட்டுவிடலாம் என்பது. யோசனை சரிதான். அதிலுள்ள கார்டுகளை எல்லாம் வரிசையாக எடிட்டிங் ஆப்பில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வினாடி கொடுத்து, பின்னால் ஒரு பாட்டைச் சேர்க்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கரோசலில் நேரம் படிப்பவரின் கையில் இருக்கிறது. ஒரு கார்டில் நின்று இரண்டு முறை படிக்கலாம், பின்னால் போய்ப் பார்க்கலாம், பிடிக்காததைத் தள்ளிவிடலாம். முதல் கார்டைத் தாண்டாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராமே சில சமயம் அதே பதிவை இரண்டாவது கார்டிலிருந்து மறுபடியும் காட்டும். ரீலில் இந்தச் சலுகைகள் அவ்வளவாக இல்லை. அங்கே நேரத்தை ஓட்டுவது நாம்தான். ஒற்றைப் படத்துக்கோ ஒரு பார்வை மட்டுமே கிடைக்கும். அதனால் கார்டுகளை அப்படியே எடுத்துப் போவதை விட, கரோசலில் எந்தக் கார்டு என்ன வேலை செய்தது என்று கண்டுபிடித்து, அந்த வேலையை மட்டும் எடுத்துப் போக வேண்டும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். மாடித்தோட்டம் பற்றி எழுதும் ஒரு சின்னக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எட்டு கார்டுகளில் ஒரு கரோசல். முதல் கார்டில் “உங்கள் கறிவேப்பிலைச் செடி ஏன் ஒல்லியாக நெட்டையாகவே வளர்கிறது? 6 காரணங்கள்” என்ற தலைப்பு. அடுத்த ஆறு கார்டுகளில் வெயில் போதாமை, தொட்டி சிறியது, தண்ணீர் அதிகம், நுனியை வெட்டாதது, பூவையும் காயையும் செடியிலேயே விட்டுவைப்பது, உரம் போடாதது. எட்டாவது கார்டு “சேவ் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்”.

எந்த எண்ணால் ஓடியது என்று பார்க்காமல் தொடங்குவது

“நன்றாகப் போனது” என்பது ஒரே செய்தி இல்லை. இன்சைட்ஸைத் திறந்து லைக்கை ஒதுக்கிவிட்டு சேவ், ஷேர், கமென்ட் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் வழக்கமான பதிவுகளோடு ஒப்பிடும்போது எது கூடியிருக்கிறது?

சேவ் கூடியிருந்தால், மக்கள் அதைப் பின்னால் எடுத்துப் பார்க்கும் குறிப்பாக நினைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பைச் சுருக்கி ஒற்றைப் படமாக்கலாம். ரீலுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது, ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஷேர் கூடியிருந்தால், “இதை அம்மாவுக்கு அனுப்பணும்” என்று நினைக்க வைத்த ஒரு வரி உள்ளே இருக்கிறது. அந்த வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். கமென்ட்டிலும் மெசேஜிலும் கேள்வி குவிந்திருந்தால், எழுத்தால் விளக்க முடியாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. ரீலுக்கு உரியது அதுதான்.

நம் உதாரணத்தில், “எந்த இடத்துல வெட்டணும்?”, “நான் இலையா பறிக்கிறேன், அது தப்பா?” என்ற கேள்விகள்தான் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஐந்தாவது கார்டைப் பற்றியவை. அப்படியென்றால் ரீல் அந்த ஒரே கார்டுக்குத்தான். மீதி ஐந்து காரணங்களையும் விட்டுவிட மனம் வராது, எனக்கும் முதலில் வரவில்லை. ஆனால் அரை நிமிட ரீலில் ஆறையும் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினாடிதான் மிஞ்சும். ஐந்து வினாடியில் “வெயில் வேண்டும்” என்று சொல்லலாம், வெட்டும் இடத்தைக் காட்ட முடியாது.

கரோசலின் தலைப்பையே வீடியோவின் முதல் வரியாக வைப்பது

“6 காரணங்கள்” என்ற தலைப்பு கரோசலில் நன்றாக வேலை செய்யும். அடுத்தடுத்துத் தள்ள இன்னும் ஆறு இருக்கிறது என்று அது சொல்கிறது. அதே வரியை வீடியோவில் சொன்னால், “ஆறு விஷயம் முடியும்வரை காத்திரு” என்றுதான் காதில் விழும். “வணக்கம், இன்றைக்கு நாம் பார்க்கப்போவது” என்று தொடங்கினால் இன்னும் மோசம்.

ரீலின் முதல் காட்சியில் செடியே இருக்க வேண்டும், கையும் இருக்க வேண்டும், ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்த ஐந்தாவது கார்டிலிருந்து நான் எழுதும் ஸ்கிரிப்ட் இப்படி இருக்கும்:

காட்சி 1: ஒரே தண்டாக நெட்டையாக நிற்கும் செடி, கத்தரிக்கோல் நுனியை நெருங்குகிறது. “இந்த நுனியை வெட்டப் பயந்துதான் உங்க கறிவேப்பிலை இப்படி ஒத்தைக் குச்சியா நிக்குது.”

காட்சி 2: பக்கத்திலிருந்து இலையைப் பறிக்கும் கை. “சமையலுக்கு நாம பக்கத்து இலையைத்தான் பறிக்கிறோம். நுனியில இருக்கிற குருத்து அப்படியே மேல போய்க்கிட்டே இருக்கும்.”

காட்சி 3: நெருக்கமாக, இலைக் காம்பு தண்டோடு சேரும் கணுவை விரல் தொட்டுக் காட்டுகிறது. அதற்குச் சற்று மேலே வெட்டு. “இந்தக் கணுவுக்குக் கொஞ்சம் மேல வெட்டுங்க. வெட்டின கொத்தை ரசத்துல போடுங்க.”

காட்சி 4: முன்பே வெட்டிய இன்னொரு செடி, வெட்டுக்குக் கீழே புதுக் கிளைகள். “நுனி போனதும் கீழே தூங்கிக்கிட்டிருந்த மொட்டு முழிச்சிக்கும். ஒண்ணு இருந்த இடத்துல ரெண்டு மூணு கிளை வரும்.”

நான்கு காட்சி, அவ்வளவுதான். நான்காவது காட்சிக்கான செடி உங்களிடம் இல்லையென்றால், இன்றைக்கு வெட்டிவிட்டு, துளிர் வந்த பிறகு எடுத்துச் சேருங்கள். “கிளை வரும்” என்று வாயால் சொல்லிவிட்டுக் காட்டாமல் போனால் அந்த ரீல் பாதியில் நிற்கிறது.

கார்டில் எழுதிய தமிழையே வாசிப்பது

தமிழில் எழுதுகிறவர்களுக்கு உரிய சிக்கல் இது. ஆங்கிலக் குறிப்புகளில் இதைப் பற்றி அதிகம் கிடைக்காது. கார்டில் நாம் எழுத்துத் தமிழில் எழுதுகிறோம்: “நுனியை வெட்டாமல் விடுவதால் செடி பக்கக் கிளைகள் விடுவதில்லை.” கண்ணுக்கு இது தெளிவான வாக்கியம். வாய்விட்டு வாசித்தால் செய்தி அறிக்கை போலக் கேட்கும். ஸ்கிரிப்ட் எழுதும்போதே பேச்சுத் தமிழில் எழுதிவிட வேண்டும். எழுத்துத் தமிழில் எழுதிக்கொண்டு, பேசும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், கேமரா முன்னால் பாதி வாக்கியம் ஒரு நடையிலும் மீதி வேறொரு நடையிலும் வந்து நிற்கும்.

நீளத்தைக் கணக்கிடுவதிலும் இதே சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு 150 சொல் என்ற ஆங்கிலக் கணக்கை நம்பி எழுதினால் நேரம் போதாது. “தூங்கிக்கிட்டிருந்த” என்பது நமக்கு ஒரு சொல்தான், ஆனால் அதைச் சொல்ல ஆங்கிலத்தின் மூன்று சொற்களுக்கான நேரம் பிடிக்கும். சொல்லை எண்ணாமல், ஸ்கிரிப்டைப் போனில் வாய்ஸ் ரெக்கார்டரில் ஒருமுறை நிதானமாகப் பேசிப் பாருங்கள். மேலே உள்ள நான்கு காட்சியும் அரை நிமிடத்தை ஒட்டி வரும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் வேகமாகப் பேசிச் சரிசெய்ய வேண்டாம், ஒரு வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். ரீல் இதைவிட நீளமாகவும் போகலாம் என்று அனுமதி இருக்கிறது, ஆனால் ஒரு கார்டின் விஷயத்துக்கு அவ்வளவு தேவைப்படாது.

கார்டு வடிவத்தை வீடியோவுக்குள் திணிப்பது

கரோசல் கார்டு பொதுவாக 1080 x 1350, ரீல் 1080 x 1920. கார்டை அப்படியே போட்டால் மேலும் கீழும் வெற்றிடம் வரும். பெரிதாக்கி நிரப்பினால் இடமும் வலமும் எழுத்து வெட்டுப்படும். அதைவிட முக்கியமானது, ரீலின் கீழ்ப்பகுதியைக் கணக்கின் பெயரும் கேப்ஷனும் மறைக்கும், வலது ஓரத்தில் லைக், ஷேர் பொத்தான்கள் வந்து உட்காரும். ரீல் விளம்பரங்களுக்கு மெட்டா சொல்லும் அளவு, மேலே 14 சதவீதமும் கீழே 35 சதவீதமும் எழுத்தில்லாமல் விடுவது. சாதாரண ரீலுக்கும் இதைப் பின்பற்றினால் பிழை வராது. 1920இல் கணக்கிட்டால், மேலிருந்து சுமார் 270 பிக்சலுக்குக் கீழேயும், கீழிருந்து சுமார் 670 பிக்சலுக்கு மேலேயும்தான் எழுத்துக்கு இடம். கணுவைக் காட்டும் விரலும் அந்த நடுப்பகுதிக்குள்ளேயே வரும்படி படம் எடுங்கள். இதை எடிட்டிங்கில் சரிசெய்வது கடினம்.

முதல் கார்டையே ஒற்றைப் படமாகப் போடுவது

அழகாக இருப்பது அதுதான் என்பதால் கை தானாக அங்கே போகும். ஆனால் முதல் கார்டு கேள்வி கேட்கும் கார்டு. பதில் உள்ளே இருந்தது. தனியாகப் போட்டால் கேள்வி மட்டும் தொங்கும், பதில் கேப்ஷனில் ஒளிந்திருக்கும். ஒற்றைப் படத்தில் பதில் படத்திலேயே தெரிய வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, ஆறு காரணங்களையும் ஒரே படத்தில் அடைப்பது. லேப்டாப்பில் அது நன்றாகத்தான் தெரியும். போனில் எழுத்து எறும்பாகிவிடும். வடிவமைத்ததும் உங்கள் போனுக்கே அனுப்பி, கையை நீட்டிப் பிடித்து, பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்கி இடம் தேடுவதை விட, சொல்லைக் குறைப்பதுதான் வழி.

கறிவேப்பிலைக்கு நான் செய்வது இரண்டு செடிகள் பக்கம் பக்கமாக நிற்கும் ஒரு படம். இடப்பக்கம் நெட்டையான ஒற்றைத் தண்டு, கீழே “இலையாகப் பறித்தது”. வலப்பக்கம் புதராகக் கிளைத்த செடி, கீழே “நுனியோடு வெட்டியது”. மொத்தம் நான்கு சொல். அம்மாவுக்கு அனுப்பத் தோன்றும் படம் இதுதான். புரொஃபைல் கிரிட் 2025 முதல் 3:4 வடிவத்துக்கு மாறிவிட்டதால், 4:5 படத்தின் இரண்டு ஓரமும் அங்கே சற்று வெட்டுப்படும். செடிகளையும் எழுத்தையும் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள்.

கேப்ஷனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழையதை ஒட்டும்போது “ஸ்வைப் செய்து பாருங்கள்”, “கடைசி கார்டில் சொல்லியிருக்கிறேன்” போன்ற வரிகள் அப்படியே தங்கிவிடும்.

அப்புறம், ரீல் வெளியான பிறகு அதன் எண்களைக் கரோசலின் எண்களோடு வைத்துப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள், இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களுக்குப் போகின்றன. ரீலின் இன்சைட்ஸில், எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் ரிட்டென்ஷன் வரைபடத்தைப் பாருங்கள். முதல் மூன்று வினாடிக்குள் கோடு செங்குத்தாக விழுந்தால் தொடக்கக் காட்சியை மட்டும் மாற்றி மறுபடியும் எடுக்கலாம். இரண்டாவது காட்சியில் சரிந்தால், விளக்கம் நீண்டுவிட்டது, அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு நேராகக் கணுவுக்குப் போகலாம். வெட்டும் காட்சிவரை கோடு தாக்குப்பிடித்து, அதன்பிறகும் “எங்கே வெட்டணும்?” என்றே கமென்ட் வந்தால், கேமராவைக் கணுவுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோயிருக்க வேண்டும்.