எஃப்.டி முதிர்வுத் தொகை ஏன் ரசீதில் இருப்பதைவிடக் குறைவாக வருகிறது?

10 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு, ஏப்ரல் 1 அன்று 2 வருட எஃப்.டியில் போடுகிறீர்கள். காலாண்டுக் கூட்டுவட்டி. முதலில் தரும் ரசீதில் முதிர்வுத் தொகை 11,48,882 என்றிருக்கும். முடியும்போது வரும் அறிவிப்பிலோ சுமார் 11,33,500தான். வங்கி ஏமாற்றிவிட்டதா? இல்லை, நடுவில் டி.டி.எஸ், அதாவது வட்டியிலிருந்து முன்கூட்டியே வருமானவரி, பிடித்திருக்கிறார்கள்.

வட்டி கைக்கு வராவிட்டாலும், அந்தந்த நிதியாண்டில் சேர்ந்த வட்டிக்கு அப்போதே 10 சதவீதம் பிடிப்பார்கள். முதல் வருட வட்டி 71,859, பிடித்தம் 7,186. இரண்டாம் வருடம் 7,651. மொத்தம் 14,837. ஆனால் முதிர்வில் குறைந்த தொகை 15,350க்கு மேல். மீதி ஐந்நூற்றுச் சொச்சம் எங்கே? முதல் வருடம் பிடித்த பணம் எஃப்.டியை விட்டு வெளியேறியதால், அதற்கு அடுத்த வருடம் வட்டி இல்லை. ரசீதுத் தொகை இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதிர்வு அறிவிப்பில் சில சமயம் கடைசி வருடப் பிடித்தம் மட்டுமே இருக்கும். அதனால் வருமானவரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS படிவத்தை ஒவ்வொரு வருடத்துக்கும் பாருங்கள். அதில் இல்லையென்றால் வங்கியில் உங்கள் பான் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம், கணக்குத் தாக்கல் செய்யும்போது பிடித்தம் போக வந்த வட்டியைக் காட்டாதீர்கள். முழு வட்டியையும் காட்டி, பிடித்ததை வரியில் கழிக்க வேண்டும். வரியே வராதவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கும். 30 சதவீத வரம்பில் இருப்பவர்கள் மீதியைக் கட்ட வேண்டியிருக்கும்.