ஒரு குளோரைடு டெஸ்டுக்கு எவ்வளவு கட்டணம் வாங்குவது? கெமிக்கல் பாட்டிலிலிருந்து தொடங்கும் கணக்கு

கடலூரில் தாழங்குடா, தேவனாம்பட்டினம் பக்கம் போர் போட்டவர்கள் தண்ணீரை லேபுக்குக் கொண்டுவந்தால் முதலில் கேட்பது, "உப்பு எவ்வளவு சார்?" என்பதுதான். அதற்கான குளோரைடு டெஸ்டை வைத்தே, கைக்காசு போகாமல் கட்டணம் நிர்ணயிப்பது எப்படி என்று பார்ப்போம். இங்கே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. கெமிக்கல்: மொத்த பேட்சுக்கும் கணக்கிடுங்கள்

இந்த டெஸ்டில் செலவு வைப்பது சில்வர் நைட்ரேட். ஒரு லிட்டர் கரைசலுக்கு 2.395 கிராம் வேண்டும். 25 கிராம் பாட்டில் 4,000 ரூபாய் என்றால் கிராம் 160 ரூபாய். சாதாரண சாம்பிளுக்கு 20 மி.லி. இறங்கும், அதாவது சுமார் 8 ரூபாய். புதிதாக லேப் போடுபவர்கள் பெரும்பாலும் இந்த 8 ரூபாயோடு நின்றுவிடுவார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

8 சாம்பிள் உள்ள ஒரு பேட்சில் உண்மையில் எத்தனை டைட்ரேஷன் நடக்கிறது? கரைசலின் வலிமையைச் சரிபார்க்க இரண்டு, பிளாங்க் ஒன்று, செக் ஸ்டாண்டர்டு ஒன்று, ஒரு சாம்பிளுக்கு டூப்ளிகேட். அப்புறம், மஞ்சள் செங்கல் நிறமாக மாறும் இடத்தைச் சாயங்கால டியூப்லைட் வெளிச்சத்தில் தாண்டிவிட்டதால் மறுபடி ஒன்று. ஆக மொத்தம் 14. பியூரெட் கழுவ, நிரப்ப 30 மி.லி. போகும். வலிமை சரிபார்ப்புக்கும் பிளாங்குக்கும் சாம்பிளைவிடக் குறைவாகவே இறங்கும் என்பதால், எல்லாம் கூட்டினால் சுமார் 260 மி.லி., 100 ரூபாய். வாடிக்கையாளர் காசு தருவது 8 ரிசல்ட்டுக்குத்தான், எனவே ஒன்றுக்கு 12.50. பொட்டாசியம் குரோமேட், காய்ச்சி வடித்த நீர், குரோமியம் கழிவைத் தனியாகச் சேர்த்து அனுப்பும் செலவு எல்லாவற்றுக்கும் இன்னொரு 5 ரூபாய்.

கடலோர சாம்பிளில் ஒரு எச்சரிக்கை. லிட்டருக்கு 2,000 மி.கி. குளோரைடு உள்ள தண்ணீரை 50 மி.லி. எடுத்தால் 200 மி.லி. கரைசல் இறங்கும், ஒரே சாம்பிளில் 77 ரூபாய் போய்விடும். முதலில் கண்டக்டிவிட்டி மீட்டரை வைத்துப் பாருங்கள். அளவு எகிறினால் 5 மி.லி. மட்டும் எடுத்து, நீர்த்துச் செய்யுங்கள். செலவு பழையபடி 8 ரூபாய்க்கு வந்துவிடும்.

2. ஆள் நேரம்: சம்பளத்தை எதால் வகுப்பது?

டெக்னீஷியனுக்கு பி.எஃப். உட்பட மாதம் 27,000 என்று வைப்போம். 24 நாள், 8 மணி என்று வகுத்தால் மணிக்கு 140 வரும். ஆனால் போன் எடுப்பது, பதிவேடு எழுதுவது, ஸ்டாக் பார்ப்பது போக, டெஸ்ட் மேஜையில் நிற்பது நாளைக்கு 5 மணிதான். எனவே 120 மணியால் வகுக்க வேண்டும், மணிக்கு 225.

ஒரு வாரம் கடிகாரம் பார்த்துக் குறித்தேன். 14 டைட்ரேஷனுக்குத் தலா 6 நிமிடம், கரைசல் தயாரித்துக் கண்ணாடிப் பொருட்கள் கழுவ ஒரு மணி, சாம்பிளுக்கு 6 நிமிடம் வீதம் பதிவும் ரிப்போர்ட்டும். மொத்தம் 3.2 மணி, 720 ரூபாய். ஒன்றுக்கு 90! சில்வர் நைட்ரேட்டை மிச்சம் பிடிக்கத் தலையை உடைத்துக்கொண்டிருந்த எனக்கு, உண்மையான செலவு எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

3. கருவித் தேய்மானம்

தராசு, கண்டக்டிவிட்டி மீட்டர், ஓவன், வடிகலன் எல்லாம் சேர்ந்து 3 லட்சம். உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடிப்பதால் 10 வருடம் என்று போடாமல் 8 வருடம் என்றே போட்டேன். வருடத்துக்கு 37,500. அதோடு கேலிபரேஷன், சர்வீஸ் 22,500. மொத்தம் 60,000. வருடத்துக்கு மேஜை வேலை 1,440 மணி, எனவே மணிக்கு 42 ரூபாய். 3.2 மணிக்கு 134, ஒன்றுக்குச் சுமார் 17.

4. கூட்டல், அப்புறம் ஒரு முடிவு

12.50 + 5 + 90 + 17 = 124.50. வாடகை, மின்சாரத்துக்கு 20 சதவீதம் சேர்த்தால் 150 ரூபாய்க்கு ஒட்டி வருகிறது. ஜிஎஸ்டி தனி. லாபம் இதில் இல்லை.

ஆனால் இந்த 150 எட்டு சாம்பிள் சேர்ந்தால்தான். இரண்டே சாம்பிளுக்கு ஸ்டாண்டர்டும் பிளாங்கும் அதேதான், கழுவும் நேரமும் அதேதான். அதே முறையில் கணக்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் 345 ரூபாய் ஆகிறது.

நல்லவேளை, குளோரைடு கெட்டுப்போவதில்லை. எந்த மருந்தும் சேர்க்காமல் 28 நாள் வரை சாம்பிளை வைத்திருக்கலாம். அதனால் திங்கள் முதல் வியாழன் வரை வருவதைச் சேர்த்து வைத்து வெள்ளிக்கிழமை ஒரே பேட்சாக 150-க்குச் செய்கிறேன். "நாளைக்கே வேண்டும்" என்பவருக்கு 350. ஒரே கட்டணப் பட்டியலில் இரண்டையும் அச்சடித்து வாசலில் ஒட்டியிருக்கிறேன். பி.ஓ.டி., கோலிஃபார்ம் போன்றவற்றை இப்படித் தேக்கி வைக்க முடியாது, அவற்றுக்கு இரண்டு சாம்பிள் கணக்கையே அடிப்படையாகப் போடுங்கள்.