கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போட்டேன்

கீழக்கரையில் கல்யாண வீடியோ எடிட் செய்ய ஒரு கம்ப்யூட்டர் கட்ட நினைத்தேன். கையில் 50,000 ரூபாய்; முழுப் பட்டியலோ 80,000-ஐத் தொட்டது. எல்லாவற்றிலும் மலிவானதை வாங்க மனம் வரவில்லை. அதனால் பின்னால் மாற்றினால் முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டிய பாகங்களை மட்டும் முதலிலேயே சரியாக வாங்கினேன்.

பிராசஸர் ரைசன் 5 7600. இதற்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு இல்லாமலே திரையில் படம் வரும். 7500எஃப் விலை குறைவுதான், ஆனால் அதில் அந்த வசதி கிடையாது. கார்டு வரும்வரை கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பவர் சப்ளை, பின்னால் வரப்போகும் கார்டையும் கணக்கில் வைத்து 650 வாட். இப்போதைக்கு 450 போதும் என்றார் கடைக்கார அண்ணன். அப்புறம் இரண்டாவது முறையும் காசு யார் கொடுப்பது?

ரேம் 16 ஜிபி ஒற்றைக் குச்சி. அதே மாடலில் இன்னொன்று பிறகு. கார்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிப் பெட்டியோடு வைக்கவில்லை. வாரண்டி வாங்கிய தேதியிலிருந்தே ஓடும், மாட்டிப் பார்க்காமல் பழுதும் தெரியாது. முழுப் பணமும் சேர்ந்த பிறகே வாங்கி, அன்றே மாட்டினேன். அதுவரை 4கே காட்சிகளுக்குப் பிராக்ஸி, அதாவது தரம் குறைந்த நகல், போட்டு வெட்டினேன். கடைசி எக்ஸ்போர்ட்தான் ராத்திரி முழுக்க ஓடும்.