கிளிக் இல்லாத தேடல்கள்: கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணக்கம் மேடம்,

நம் மளிகைத் தளத்தில் தேடுபவர்களில் பலர் எதையும் கிளிக் செய்யாமல் போகிறார்கள் என்ற அறிக்கையைப் பார்த்துவிட்டு, முடிவுகளின் வரிசையை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அந்த எண்ணில் வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் வரிசையில் கை வைத்தால், நன்றாக நடப்பதும் கெட்டுப்போகலாம்.

முதல் தவறு, ஒரே தேடலைப் பலமுறை எண்ணுவது. கூகுள் அனலிடிக்ஸில் முடிவுப் பக்கம் லோட் ஆகும்போது, முகவரியில் `q` போன்ற தேடல் குறி இருந்தால் `view_search_results` என்ற நிகழ்வு பதிவாகும். ஒருவர் கொள்ளு தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகள் வருகின்றன. 1 கிலோ என்று வடிகட்டுகிறார், பக்கம் மீண்டும் லோட் ஆகிறது. அடுத்த பக்கத்துக்குப் போகிறார், இன்னொரு முறை லோட் ஆகிறது. அங்கே வேண்டிய பாக்கெட்டைக் கண்டு, அதன் கீழே இருக்கும் 'கூடையில் சேர்' பொத்தானை அழுத்திவிடுகிறார். அவர் தேடியது ஒரு முறைதான், பதிவானதோ 3 தேடல்கள்.

இரண்டாவது தவறும் இதே ஆளிடம்தான் நடக்கிறது. நம் அறிக்கை `select_item` என்ற நிகழ்வை மட்டுமே கிளிக்காக எடுத்துக்கொள்கிறது. பொருளின் பக்கத்தைத் திறந்தால்தான் அது பதிவாகும். முடிவுப் பக்கத்திலிருந்தே கூடையில் சேர்த்தால் பதிவாவது `add_to_cart`. ஆக, வந்த வேலையை முடித்துக்கொண்டு போன வாடிக்கையாளர் நம் கணக்கில் 3 தோல்விகளாக நிற்கிறார். மளிகையில் இது அரிதான விஷயம் இல்லை. உப்பு, பருப்பு வாங்க யாரும் விளக்கப் பக்கத்தைத் திறந்து படிப்பதில்லை. அதனால் ஒரே வருகையில் ஒரே சொல்லுக்கு வரும் பதிவுகளை ஒரு தேடலாகச் சேர்த்து, கூடையில் சேர்த்ததையும் வெற்றியாக எண்ணிய பிறகு மிஞ்சுவதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

விலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. விலை முடிவுப் பக்கத்திலேயே தெரிவதால் அவர்களுக்கு கிளிக் தேவையில்லை. தேடல் ஆய்வாளர்கள் இதை நல்ல கைவிடல் என்கிறார்கள். ஒருவர் திருப்தியாகப் போனாரா, சலித்துப் போனாரா என்பதைப் பதிவு மட்டும் சொல்லாது. ஆனால் அதே வருகையில் சொல்லை மாற்றி மாற்றித் தேடியிருந்தால், தேடியது கிடைக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

அப்புறம், ஒரு முடிவுகூட வராத தேடல்கள். முடிவு வந்தும் கிளிக் ஆகாதவற்றோடு இவற்றைச் சேர்க்கவே கூடாது. இங்கே காட்ட ஒன்றுமே இல்லாததால் வரிசையை மாற்றிப் பயனில்லை. கொள்ளு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் கொள்ளு என்று தமிழில் அடிப்பார், இன்னொருவர் `kollu` என்பார், வேறொருவர் `horse gram` என்பார். மூன்றும் ஒரே பொருளுக்குப் போக இணைச்சொல் பட்டியல் வேண்டும்.

தமிழிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கலும் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் U+0BCA என ஒரே குறியாகவும் சேமிக்கலாம், U+0BC6, U+0BBE என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பொருள் பட்டியலில் ஒரு வகையும் தேடும் பெட்டியில் மற்றொன்றும் வந்து, அவற்றை அப்படியே ஒப்பிட்டால், கடையில் இருக்கும் கொள்ளு இல்லை என்றே பதில் வரும். பைத்தானில் இதற்கு ஒரு வரி போதும்:

```
unicodedata.normalize("NFC", q)
```

பட்டியலில் உள்ள பெயர்களையும் தேடும் சொல்லையும் இதே வழியில் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பொருந்தாமை அப்படியே இருக்கலாம்.

நான் மிகவும் அஞ்சுவது வெற்று முடிவுகளைக் குறைக்க ஏதாவது பொருளைக் காட்டி நிரப்பும் யோசனையைத்தான். கொள்ளு தேடியவருக்குக் கொண்டைக்கடலையைக் காட்டினால் வெற்று முடிவு எண்ணிக்கை குறையும், கிளிக் இல்லாத தேடல் அதே அளவு கூடும். வாடிக்கையாளருக்கு நாம் கொள்ளு விற்கிறோமா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் போகும். விற்கவில்லை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, மாற்றுப் பொருள்களைத் தனியாக அதன் கீழே காட்டலாம்.

நீங்கள் சம்மதித்தால் முதலில் எண்ணும் முறையைத் திருத்துகிறேன். பிறகு வெற்று முடிவு தந்த சொற்களில் அதிகம் தேடப்பட்டவற்றைக் கொள்முதல் குழுவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எது எழுத்துச் சிக்கல், எது இருப்பில் இல்லாதது, எதை நாம் விற்பதே இல்லை என்று அவர்களால்தான் உடனே சொல்ல முடியும். வரிசையை மாற்றுவது பற்றிய பேச்சை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தரவுப் பகுப்பாய்வாளர்